எம்.டி. அறைக்கு முன்னால் இருக்கும் மேசை

நூற்பாலைகளில் கம்ப்ரசர் காற்று எங்கெல்லாம் கசிகிறது என்று கருவி வைத்துத் தேடிக் கொடுப்பது என் தொழில். நானும் ஒரு உதவியாளரும் மட்டும்தான். பெரிய கம்பெனிப் பெயர் கிடையாது, எங்களுக்காகப் போன் போட்டுப் பேச ஆளும் கிடையாது. ஆலைக்குள் போய் ஒரு மேனேஜர் முன்னால் உட்கார வேண்டுமென்றால் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி, உள்ளே பி.ஏ. 'தாண்டுவது' என்றே நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புதான் தப்பு என்று புரிந்த பிறகு வேலை எளிதாயிற்று.

புதிதாகத் தொழில் தொடங்கி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் உதாரணங்கள் எல்லாம் ஆலைகளிலிருந்து வரும். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் மேசை அதே மேசைதான்.

பி.ஏ.விடம் என்ன கேட்கப்படும்?

பி.ஏ. உங்களை விரட்டுவதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது, முப்பது பேர் "சாரைப் பார்க்கணும்" என்று கூப்பிடுவார்கள். அதில் யாரை உள்ளே விட்டாலும், "இவரை எதற்கு அனுப்பினீங்க?" என்ற கேள்வி அவரிடம்தான் வரும். தேவையில்லாத ஒருவரை அனுப்பினால் திட்டு வாங்குவது அவர். தேவையான ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் திட்டு வாங்குவது அவர்தான்.

முதலாளி அவரிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள். யார்? எதற்கு? எவ்வளவு நேரம்? இந்த மூன்றுக்கும் அவர் யோசிக்காமல் பதில் சொல்லும்படி நீங்கள் பேசியிருந்தால் உங்கள் விஷயம் உள்ளே போகும். இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். நான் செய்வது எல்லாம் இந்த மூன்று பதில்களைத் தயார் செய்து அவர் கையில் கொடுப்பதுதான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சொல்லப் போவதை உங்கள் வீட்டில் ஒருவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "ஏதோ எனர்ஜி சேவிங் சொல்யூஷன்னு சொன்னே" என்று வந்தால் உங்கள் வாக்கியம் தேறாது. "கம்ப்ரசர் காத்து கசியறதைக் கண்டுபிடிப்பாங்களாம்" என்று வந்தால் சரி, போன் எடுக்கலாம்.

எம்.டி.யைத்தான் பார்க்க வேண்டுமா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. எம்.டி.யைப் பார்த்தால் காரியம் முடிந்துவிடும் என்று நினைப்பார்கள். என் இரண்டு நாள் வேலைக்கு நான் வாங்குவது 45,000 ரூபாய். ஓரளவு பெரிய ஆலையில் அந்தத் தொகைக்கு எம்.டி. கையெழுத்துப் போட மாட்டார். ஒவ்வொரு பதவிக்கும் இவ்வளவு வரை ஒப்புதல் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கும். அது ஆலைக்கு ஆலை மாறும், வெளியில் எழுதி வைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் பி.ஏ.வுக்குத் தெரியும், ஏனென்றால் கோப்புகள் அவர் மேசை வழியாகத்தான் போகின்றன.

அதனால் முதல் போனில் நான் சந்திப்பே கேட்பதில்லை. யார் முடிவு செய்வார்கள் என்று மட்டும் கேட்பேன். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆலையில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி:

"வணக்கம் மேடம், என் பேர் குமார். கோயமுத்தூர்ல இருந்து பேசறேன். மில்லுகள்ல கம்ப்ரசர் காத்து எங்கெங்க கசியுதுன்னு பார்த்துக் கொடுக்கற வேலை செய்யறேன். வேலை கேட்டுத்தான் கூப்பிடறேன். ஒரே ஒரு விவரம் வேணும், ஒரு நிமிஷம் இருக்குங்களா?"

"சொல்லுங்க."

"இந்த மாதிரி வேலையை உங்க மில்லுல யாரு முடிவு பண்ணுவாங்க? எம்.டி. சாரா, எலெக்ட்ரிக்கல் மேனேஜரா?"

"எலெக்ட்ரிக்கல் மேனேஜர்தாங்க பார்ப்பாரு. ஐம்பதாயிரத்துக்கு மேல போனா ஜி.எம். கையெழுத்து. எம்.டி. வரைக்கும் வராது."

"ரொம்ப நன்றிங்க மேடம். உங்க பேர் தெரிஞ்சுக்கலாங்களா? ஒரு சின்ன மெயில் அனுப்பறேன், நீங்க பார்த்து அவருக்கு அனுப்ப முடியுமா?"

பெயரைச் சொன்னார், தன் மெயில் முகவரியையும் கொடுத்தார். எம்.டி. சார் இருக்காரா என்று ஆரம்பித்திருந்தால் "மீட்டிங்ல இருக்காருங்க" என்பதோடு முடிந்திருக்கும்.

இதில் "வேலை கேட்டுத்தான் கூப்பிடறேன்" என்ற வரியைக் கவனியுங்கள். பலருக்கு இதைச் சொல்லக் கூச்சம். ஆனால் விற்க வந்தவர் என்று அவருக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். நாமே சொல்லிவிட்டால் அவர் தோண்டித் துருவத் தேவையில்லை. குரலில் இருக்கும் இறுக்கமும் தளர்ந்துவிடும்.

நேரமும் முக்கியம். எங்கள் பக்க ஆலைகளில் காலை பத்தரை வரை முந்தின நாள் உற்பத்திக் கணக்கைப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் கூப்பிடுவது வீண். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை நல்ல நேரம். மதியம் மூன்று மணிக்கு மேலும் பரவாயில்லை. திங்கட்கிழமை, மாதக் கடைசி, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை.

பொய் சொன்னால் என்ன ஆகும்

ஆரம்பத்தில் ஒரு சீனியர் எனக்கு ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தார். "சார் என்னைப் பேசச் சொன்னார் என்று சொல்லு, உடனே லைன் கொடுத்துவிடுவார்கள்." ஈரோடு பக்கம் ஒரு ஆலையில் அப்படியே சொன்னேன். லைன் கிடைத்தது. ஜி.எம். எடுத்து, "நான் எப்ப உங்களைப் பேசச் சொன்னேன்?" என்றார். ஏதோ உளறி வைத்துவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த ஜி.எம். பி.ஏ.வைக் கூப்பிட்டு என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகிறது, அந்த ஆலைக்குள் இன்னும் நான் போனதில்லை. அங்கே பி.ஏ. மாறவில்லை.

பொய் என்றால் இந்த அளவுக்கு வெளிப்படையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. "பெர்சனல் விஷயம்" என்பது பொய். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததுபோல மெயில் தலைப்பில் Re: என்று போடுவது பொய். உங்கள் எண்ணை எடுக்கவில்லை என்று மனைவியின் எண்ணிலிருந்து கூப்பிடுவதும் அந்த வகைதான். "மின்வாரிய விஷயமா பேசறேன்" என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரூகாலரில் உங்கள் பெயர் ஒழுங்காகத் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் 'லோன் ஏஜென்ட்' என்று வந்துகொண்டிருந்தது, யாரும் எடுக்காததன் காரணம் அவருக்குத் தெரியவே இல்லை.

தெரிந்தவர் பெயரைச் சொல்லலாமா? அவரிடம் அனுமதி வாங்கியிருந்தால் சொல்லலாம். "இன்ன மில் மேனேஜர் உங்க பேரைச் சொன்னாருங்க" என்றால் பி.ஏ. அங்கே ஒரு போன் போட்டுக் கேட்க முடியும். கேட்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே மேனேஜருக்கு அனுப்பிவிடக்கூடிய மெயில்

"மெயில் அனுப்புங்க" என்ற பதிலில் இரண்டு வகை உண்டு. info என்று தொடங்கும் பொது முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் மரியாதையான 'வேண்டாம்'. தன் பெயரில் உள்ள முகவரியைக் கொடுத்தால் பார்ப்பார். முதல் வகையாக இருந்தால், "உங்க பார்வைக்குன்னு உங்க பேரைத் தலைப்புல போடட்டுங்களா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். சரி என்றால் நல்லது.

மெயிலை எழுதும்போது பி.ஏ.வுக்கு எழுதுவதாக நினைக்காதீர்கள். அவர் ஒரு வரி கூடத் திருத்தாமல் மேனேஜருக்கு அனுப்பக்கூடிய மெயிலாக இருக்க வேண்டும். அந்தத் திண்டுக்கல் ஆலைக்கு நான் அனுப்பியதன் சாரம் இது. ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதேதான்.

*பொருள்: கம்ப்ரசர் காற்றுக் கசிவு, எலெக்ட்ரிக்கல் மேனேஜர் பார்வைக்கு*

*நூற்பாலைகளில் கம்ப்ரசர் காற்றுக் கசிவை அல்ட்ராசோனிக் கருவி மூலம் கண்டுபிடித்து, இடம் இடமாக அட்டை கட்டி, அறிக்கை கொடுக்கிறோம். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. அளவுள்ள ஒரே ஒரு ஓட்டைக்கு கம்ப்ரசர் ஏறத்தாழ 3 கிலோவாட் கூடுதலாக இழுக்கும்.*

*உங்கள் ஆலையில் கசிவு எவ்வளவு என்பதை எங்களைக் கூப்பிடாமலேயே நீங்கள் பார்க்கலாம். ஆலை நிற்கும் விடுமுறை நாளில், காற்று எடுக்கும் எல்லா மெஷினும் நின்ற பிறகு, ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். லோடில் எத்தனை நிமிடம், அன்லோடில் எத்தனை நிமிடம் என்று அரை மணி நேரம் குறியுங்கள். 1 நிமிடம் லோடு, 3 நிமிடம் அன்லோடு என்றால் அந்த கம்ப்ரசர் தரும் காற்றில் நான்கில் ஒரு பங்கு கசிகிறது. (இன்வெர்ட்டர் வைத்த கம்ப்ரசரில் இந்தக் கணக்கு செல்லாது.)*

*கசிவு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நாங்கள் தேவையில்லை. அதற்கு மேல் இருந்தால் 15 நிமிடம் நேரில் பேச விரும்புகிறோம். கட்டணம் 45,000 ரூபாய் மற்றும் ஜி.எஸ்.டி.*

அவ்வளவுதான். இணைப்பாக எதுவும் வைக்கவில்லை. இருபது பக்க கம்பெனி புரோஷரை நானும் ஒரு காலத்தில் அனுப்பியவன்தான், யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

இதில் என்ன வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். லோடு என்றால் கம்ப்ரசர் காற்றை அழுத்தி அனுப்பும் நேரம், அன்லோடு என்றால் அழுத்தாமல் சும்மா ஓடும் நேரம். நடுவில் இருக்கும் அந்தச் சோதனைக்கு எங்களிடம் எதையும் வாங்கத் தேவையில்லை. அதை அனுப்பிவைத்ததற்காக மேனேஜர் பி.ஏ.வைக் கோபித்துக்கொள்ள வழியே இல்லை. "இதைப் பாருங்க சார், சும்மா செஞ்சு பார்க்கலாமாம்" என்று அவர் சொல்லலாம். விலையை எழுதியதும் இதே காரணத்துக்குத்தான். யார் கையெழுத்து வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். விலையை மறைத்தால் இன்னொரு போன் வேண்டும், அதற்கு யாருக்கும் நேரமில்லை. 'நாங்கள் தேவையில்லை' என்ற வரியைப் பார்த்து என் உதவியாளர் பதறினார். ஆனால் எப்போது நாம் வேண்டாம் என்று நாமே சொன்னால்தான், எப்போது வேண்டும் என்று சொல்வதை நம்புவார்கள்.

உங்கள் தொழிலில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று தேடுங்கள். பேரிங் விற்பவராக இருந்தால், கையிலிருக்கும் பேரிங் போலியா என்று பார்க்கும் முறை. கணக்குத் தணிக்கை செய்பவராக இருந்தால், ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியில் விட்டுப்போன தொகையைப் போர்ட்டலில் பார்க்கும் வழி. சும்மா கொடுக்கக்கூடியதாகவும், அரை மணி நேரத்தில் முடிவதாகவும் இருக்க வேண்டும்.

மறுபடி எப்போது கூப்பிடுவது

இதை ஊகிக்கவே வேண்டாம், அவரையே கேளுங்கள். "எப்ப கூப்பிட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்?" அவர் வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை கூப்பிடுங்கள், புதன்கிழமை வேண்டாம். சொன்ன நாளில் கூப்பிடுவதைப் போல ஒருவர் மேல் நம்பிக்கை வரவைப்பது வேறெதுவும் இல்லை. எத்தனை பேர் அதைத் தவறவிடுகிறார்கள் என்று பி.ஏ.க்களைக் கேட்டால்தான் தெரியும்.

என் கணக்கு மூன்று தடவை. மெயில் போன நான்காவது வேலைநாளில் முதல் போன்: "அவருக்குப் போய்ச் சேர்ந்ததுங்களா?" என்று மட்டும். அதிலிருந்து பத்து நாள் கழித்து இரண்டாவது. மூன்றாவதில் நானே கதவைத் திறந்துவிடுவேன்: "இப்ப தேவையில்லைன்னா தாராளமா சொல்லுங்க மேடம், நான் குறிச்சு வெச்சுக்கறேன், திரும்பத் திரும்பக் கூப்பிட மாட்டேன்." இதைக் கேட்டதும் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "போன மாசம்தான் வேற ஒருத்தர் வந்து பார்த்தாங்க" என்றோ, "மேனேஜர் மாறிட்டாருங்க, புது ஆள் வரட்டும்" என்றோ வரும். இரண்டாவது பதில் மறுப்பே இல்லை, தேதி குறிக்காத சந்திப்பு.

வேண்டாம் என்று சொன்னால் ஆறு மாதம் தொடுவதில்லை. திரும்பப் போவதற்கும் புதிதாக ஒரு காரணம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023, 2024, 2025 மூன்று வருடங்களும் ஜூலை முதல் தேதி மின்கட்டணம் மாறியது. அப்படி மாறும்போது அதைச் சொல்லி ஒரு மெயில் அனுப்பினால் அது அர்த்தமுள்ள காரணம். "சும்மா ஞாபகப்படுத்தலாம்னு" என்பது காரணமே அல்ல.

மேனேஜரின் கைப்பேசி எண் வேறு வழியில் கிடைத்தால்? கிடைக்கத்தான் செய்யும். பி.ஏ.விடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். "அந்தப் பையன் உங்ககிட்ட பேசினானா?" என்று மேனேஜர் கேட்கும்போது பி.ஏ.வின் முகம் எப்படி இருக்கும்? அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

கேட்டில்

நேரம் வாங்காமல் ஆலைக்குப் போவதை நான் விட்டு வெகுநாள் ஆகிறது. சிறிய பட்டறைகளுக்கு அது சரி, அங்கே முதலாளியே வெளியில் நின்றுகொண்டிருப்பார். கேட் வைத்த ஆலையில் அது செக்யூரிட்டிக்குக் கொடுக்கும் தொல்லைதான்.

நேரம் வாங்கியிருந்தாலும் கேட்டில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, எதற்காக, வந்த நேரம். 'எதற்காக' என்ற கட்டத்தில் பலர் 'அபிஷியல்' என்று கிறுக்குவார்கள். நான் 'கம்ப்ரசர் கசிவு, எலெக்ட்ரிக்கல் மேனேஜர், 11.30' என்று எழுதுவேன். செக்யூரிட்டி அண்ணன் இன்டர்காமில் அதை அப்படியே வாசிப்பார். அவரும் ஒரு செய்தியைக் கடத்துகிறவர்தான். வாசிக்கத் தோதாக ஒன்றைக் கொடுங்கள். லேப்டாப், கருவி ஏதாவது கொண்டுபோனால் உள்ளே போகும்போதே அதைப் பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளியே வரும்போது அரை மணி நேரம் நிற்க வேண்டிவரும்.

கையில் இருநூறு ரூபாய் திணிப்பது, பி.ஏ.வுக்கு ஸ்வீட் பாக்ஸ் நீட்டுவது எதுவும் வேண்டாம். ஆர்டர் கிடைக்கும் முன்னால் கொடுக்கும் எந்தப் பொருளும் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். வேலை முடிந்து, பணமும் வந்த பிறகு, தீபாவளிக்கு ஆபீஸ் முழுக்க ஒரே மாதிரி கொடுப்பது வேறு விஷயம்.

பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்

அந்தத் திண்டுக்கல் ஆலையில் மூன்றாவது போன் தேவைப்படவில்லை. இரண்டாவது போனிலேயே மேடம் சொன்னார்: "சார் நீங்க எழுதின மாதிரி ஞாயித்துக்கிழமை பார்த்தாராம். வரச் சொல்றாரு." போனேன். மேனேஜர் ஒரு துண்டுத்தாளை எடுத்துக் காட்டினார். லோடில் 2 நிமிடம், அன்லோடில் 4 நிமிடம். அந்த கம்ப்ரசர் தந்த காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஒருவருக்கும் பயன்படாமல் போய்க்கொண்டிருந்தது.

3 மி.மீ. ஓட்டை ஒன்றுக்கு 3 கிலோவாட் என்றால், ஆலை வருடத்தில் 350 நாள், நாள் முழுக்க ஓடுகிறது என்று வைத்தால் 25,200 யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று போட்டாலே 1,76,400 ரூபாய். இதை அவர் முன்னாலேயே கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். பேச்சு சூடு பிடித்தது. பதினான்காவது நிமிடத்தில் நான் எழுந்து, "பதினஞ்சு நிமிஷம்னு மேடம்கிட்ட சொல்லியிருந்தேங்க. நீங்க உட்காரச் சொன்னா உட்கார்றேன்" என்றேன். அவர் உட்காரச் சொன்னார். சில இடங்களில் சொல்ல மாட்டார்கள், எழுந்து வந்துவிட வேண்டியதுதான். நேரம் கொடுத்தது பி.ஏ.வின் வாக்கு. அதை மீறினால் அடுத்த தடவை அவர் வாக்குக் கொடுக்க மாட்டார்.

வெளியே வந்ததும் அவர் மேசைக்குப் போய் என்ன நடந்தது என்று இரண்டு வரியில் சொன்னேன். கொட்டேஷன் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன், காப்பி உங்களுக்கும் வரும். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. உள்ளே போன பிறகு அந்த மேசையையே மறந்துவிடுவார்கள்.

மேடம் உடனே டிராயரிலிருந்து புதிய வெண்டர் பதிவுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "ஜி.எஸ்.டி. சர்டிபிகேட், பான், கேன்சல் பண்ணின செக், உத்யம் சர்டிபிகேட் நாலும் கொட்டேஷனோடயே அனுப்பிடுங்க. பர்சேஸ்ல இது இல்லைன்னா பத்து நாள் சும்மா கிடக்கும்" என்றார். நான் கேட்கவில்லை, மேனேஜரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாம் அனுப்பினேன். அடுத்த புதன்கிழமை ஆர்டர் வந்தது.